கூட்டுத்தொகை ஐம்பத்து நான்கு

டவுன் பஸ்ஸில் சீட்டு வாங்கியதும் மாசாணம் முதலில் பார்ப்பது அதன் எண்ணைத்தான். 48726 என்று இருந்தால் உதடு அசையாமல் கூட்டுவார். நாலும் எட்டும் ஏழும் ரெண்டும் ஆறும் இருபத்தேழு. "ஒம்பதுக்குப் போகுது" என்பார். கல்யாணமான புதிதில் நானும் பேச்சுக்கு, "அப்ப இருபத்தேழுக்கும் போகுமாக்கும்?" என்று கேட்டேன். "அதெப்படிப் போகும்? அதுக்கு வேற கணக்கு" என்றார். உக்கடத்தில் ஏறி துடியலூர் வந்து இறங்கும் வரை அந்த வேறு கணக்கை எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பில் காய் உரிக்கும் குடும்பம் அவருடையது. அதனால் எந்தக் கணக்கானாலும் தேங்காயில்தான் சொல்வார். பத்துக் காயை ஒன்பது குவியலாகப் பிரித்தால் ஒரு காய் மிஞ்சும். நூற்றைப் பிரித்தாலும் ஒன்று, ஆயிரத்தைப் பிரித்தாலும் ஒன்று. ஆகவே ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால், அந்த எண்ணில் மிஞ்சுகிற காய்கள்தான் கைக்கு வருகின்றன. அந்தக் கூட்டுத்தொகை ஒன்பதால் வகுபட்டால் எண்ணும் வகுபடும். இருபத்தேழுக்கு இது ஆகாது. பத்தில் பத்தும் மிஞ்சும், நூற்றில் பத்தொன்பது மிஞ்சும். ஆயிரத்துக்கு வரும்போதுதான் ஒன்று மிஞ்சும், ஏனென்றால் இருபத்தேழை முப்பத்தேழால் பெருக்கினால் 999. அதனால் இருபத்தேழுக்கு வலப்பக்கத்திலிருந்து மூன்று மூன்று இலக்கமாக வெட்டி, அந்த மூன்றிலக்க எண்களைக் கூட்டிப் பார்க்க வேண்டும். நான் பி.ஏ. தமிழ் படித்தவள். இன்றைக்கும் இது எனக்கு மறக்கவில்லை. மறந்திருக்கலாம் என்று பல நாள் நினைத்ததுண்டு.

துடியலூரைத் தாண்டி, மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் அவர் 1994 ஜூனில் கணித ஆசிரியராகச் சேர்ந்தார். இரண்டு வருடம் தற்காலிகம், பிறகுதான் நிரந்தரம். ஒரு மாதம் கழித்து அதே பள்ளியில் எனக்கும் தட்டச்சர் வேலை கிடைத்தது. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் நான் ஹையர் பாஸ் செய்திருந்தேன். "புருசனும் பொண்டாட்டியும் ஒரே பஸ்ல வந்துபோட்டு ஒரே பஸ்ல போயிக்கலாம்" என்று தாளாளர் பாலுசாமி சொன்னார். தறிக்கு உதிரிபாகம் வார்க்கும் ஃபவுண்டரியும் சொந்தத் தோட்டமும் வைத்திருந்தவர் அவர். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். எங்களையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசினார். ஆசிரியர் அறையில் பானைத் தண்ணீருக்குப் பக்கத்தில் மாசாணத்துக்கு மட்டும் ஒரு தனி டம்ளர் இருந்ததற்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. அது தானாக அங்கே வந்திருந்தது. யார் வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

பள்ளி வருடந்தோறும் ஒரு கணிதத் திறன் தேர்வு நடத்தியது. கோவையைச் சுற்றியுள்ள எந்தப் பள்ளியிலிருந்தும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வந்து எழுதலாம். முதல் பரிசு பெறுகிறவருக்கு ப்ளஸ் ஒன்னும் ப்ளஸ் டூவும் இலவசம். விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாம் பள்ளியே பார்த்துக்கொள்ளும். 1996 ஜனவரித் தேர்வுக்கு வினாத்தாள் தயாரிக்கும் வேலையை மாசாணத்துக்குக் கொடுத்தார்கள். கணிதத் துறைத் தலைவர் தனபாலுக்கு அந்த மாதம் தங்கை கல்யாணம். அதனால்தான் அது இவர் கைக்கு வந்தது. இவரோ தன்னை நம்பித்தான் கொடுத்தார்கள் என்று எடுத்துக்கொண்டார். பதினைந்து நாள் அந்தத் தாளோடு இருந்தார்.

பதினான்காம் வினா இப்படி: '864197532405 என்ற எண் 27 ஆல் மீதியின்றி வகுபடும் என்கிறார் ஒருவர். நேரடியாக வகுக்காமல் இக்கூற்றைச் சோதித்துச் சரியா தவறா எனக் காட்டுக.' ஐந்து மதிப்பெண். 864, 197, 532, 405 நான்கையும் கூட்டினால் 1998. அது இருபத்தேழின் எழுபத்து நாலு மடங்கு. கூற்று சரி. வெறுமனே எல்லா இலக்கத்தையும் கூட்டி ஐம்பத்து நான்கு என்று எழுதுகிற பிள்ளை யார், யோசித்து மூன்று மூன்றாக வெட்டுகிற பிள்ளை யார் என்று இதில் தெரிந்துவிடும் என்று சொன்னார்.

வினாத்தாளை ஸ்டென்சிலில் வெட்டியது நான். எண்கள் நிறைந்த தாளுக்கு அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கையெழுத்துப் பிரதியில் ஒவ்வொரு பெரிய எண்ணுக்கும் பக்கத்தில் அதன் கூட்டுத்தொகையைச் சிறிதாக எழுதி வட்டம் போட்டு வைப்பார். நான் அடித்து முடித்ததும் ஸ்டென்சிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு எண்ணையும் அங்கேயே கூட்டி வட்டத்தோடு ஒத்துப் பார்ப்பார். ஓர் இலக்கம் மாறியிருந்தால் உடனே தெரிந்துவிடும். ஒரு வருடத்தில் என் தட்டுப்பிழைகள் ஏழெட்டை அப்படிப் பிடித்திருக்கிறார். ஓர் எண்ணை இருவர் சேர்ந்து இலக்கம் இலக்கமாக வாசித்து ஒத்துப் பார்ப்பது மற்றவர்கள் வழக்கம். இவருக்கு அது தேவைப்பட்டதே இல்லை. அன்றைக்கும் பார்த்தார். ஐம்பத்து நான்கு. ஒத்திருந்தது. கீழே கையெழுத்துப் போட்டார். ரோனியோவில் முந்நூற்று இருபது பிரதி ஓட்டினோம்.

வினாத்தாள் தயாரித்தவர் விடைத்தாள் திருத்தக் கூடாது என்பது அந்தத் தேர்வின் விதி. கல்யாணம் முடிந்து திரும்பிய தனபால் தலைமையில் மூன்று பேர் திருத்தினார்கள். பிப்ரவரி முதல் வெள்ளிக்கிழமை முடிவு வெளியானது. எங்கள் பள்ளியிலேயே படித்த லோகப்பிரியா 94, முதல் பரிசு. நூற்பாலை முதலாளி வீட்டுப் பெண், நன்றாகப் படிப்பாள். மதுக்கரை அரசுப் பள்ளி உம்மல் குல்சும் 91, இரண்டாம் பரிசு. இரண்டாம் பரிசுக்கு ஒரு சுவர்க் கடிகாரம்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அந்தப் பெண் தன் அம்மாவோடு அலுவலகத்துக்கு வந்தாள். அம்மா பெயர் மெஹராஜ். கழிவுப் பஞ்சுக் குடோனில் வேலை. முக்காட்டின் ஓரத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. நாற்காலியைக் காட்டினேன். இருவரும் உட்காரவில்லை.

"ஏனுங்க மேடம், புள்ள ஒரு சந்தேகம் கேக்கோணும்னு ரெண்டு நாளா ஒரே தொந்தரவுங்க. லீவு போட்டுட்டு வந்தேன். கேட்டுக்கிட்டுப் போயிர்றோங்க."

"என்ன சந்தேகம் கண்ணு?" என்று கேட்டேன்.

"பதினாலாவது கணக்குங்க. எனக்கு மொத்தம் எவ்வளவு போட்டிருந்தா தொண்ணூத்தொண்ணு வரும்னு கூட்டிப் பாத்தேன். அதுக்கு மட்டும் முட்டை போட்டிருந்தாத்தான் வருதுங்க. அது தப்பா இருக்காதுங்க."

"அப்படி அடிச்சுச் சொல்லாத" என்று அம்மா அவள் முழங்கையைத் தொட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "பத்தாவதோட நிறுத்திப்போட்டுத் திருப்பூர்ல பனியன் கம்பெனிக்கு அனுப்பச் சொல்றாங்க இவ மாமன். முதல் பரிசு வந்தா படிக்கட்டும்னு சொல்லியிருந்தாருங்க. அதுதான்" என்றாள்.

மாசாணத்தை வரச் சொன்னேன். சாக்பீஸ் கையோடு வந்தார். கேட்டதும் சிரித்தார்.

"அது வகுபடும் கண்ணு. நான் பெருக்கி எடுத்த நம்பரு. 864, 197, 532, 405. கூட்டுனா 1998."

"405 இல்லீங்க சார். 450."

அவள் மடித்து வைத்திருந்த வினாத்தாளை நீட்டினாள். அவர் வாங்கினார். பழக்கத்தில் முதலில் இலக்கங்களைக் கூட்டினார். ஐம்பத்து நான்கு. தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு கண் கடைசி மூன்று இலக்கத்தில் போய் நின்றது. என் மேசையிலிருந்த காகிதத்தை இழுத்து எழுதினார். 864, 197, 532, 450. மொத்தம் 2043. இருபத்தேழு எழுபத்தைந்து 2025. மீதி 18.

"நானும் அப்படித்தானுங்க எழுதினேன்" என்றாள் குல்சும். "999 இருபத்தேழுல போகுதுங்கள்ல. அதனால ஆயிரத்துக்கு ஒண்ணு மிஞ்சும்னு எழுதிட்டு, மூணு மூணாக் கூட்டினேன்."

"இதை யாரு சொல்லிக் கொடுத்தாங்க?"

"யாருமில்லீங்க. நோட்டுல போட்டுப் பாத்தேன்."

அவர் அலமாரியைத் திறந்து கோப்பிலிருந்து தன் கையெழுத்துப் பிரதியை எடுத்தார். நானும் எழுந்து போய்ப் பார்த்தேன். 405 என்று தெளிவாக இருந்தது. பக்கத்தில் வட்டத்துக்குள் 54. சுழியத்தையும் ஐந்தையும் இடம் மாற்றி அடித்தவள் நான். எந்த இடத்தில் இருந்தாலும் இலக்கங்களின் கூட்டுத்தொகை ஒன்றுதான் என்பதால், அவருடைய சோதனையில் அது அகப்படவே இல்லை. அந்த ஒரு பிழைக்கு மட்டும் அவர் முறையில் கண் கிடையாது. பதினொன்றுக்கு ஒரு சோதனை உண்டு. வலக்கோடியிலிருந்து ஓர் இலக்கத்தைக் கூட்டி அடுத்ததைக் கழித்துக்கொண்டே போவது. அதில் இடம் மாறினால் விடை மாறும். அவர் எழுதியதற்கு மைனஸ் இரண்டு வரும், நான் அடித்ததற்கு மைனஸ் பன்னிரண்டு. அரை நிமிட வேலை. இதை அவர் அன்றைக்குச் சொல்லவில்லை. வெகுநாள் கழித்து, கேட்காமலே சொன்னார்.

குல்சுமிடம், "உன் விடை சரி கண்ணு. நான் பேசறேன். நீங்க ஊட்டுக்குப் போங்க, புதன்கிழமைக்குள்ள சொல்லியனுப்பறேன்" என்றார். மெஹராஜ் கையெடுத்துக் கும்பிட்டாள். படியிறங்கும்போது மகளிடம், "சாரே சொல்லிட்டாருல்ல, இனி வாயைத் தொறக்காத" என்றது எனக்குக் கேட்டது.

அன்று மாலையே தாளாளர் அறையில் பேச்சு நடந்தது. பாலுசாமி, தனபால், மாசாணம், குறிப்பெடுக்க நான். விடைத்தாள் கட்டிலிருந்து குல்சுமின் தாளை எடுத்து வந்திருந்தார்கள். பதினான்காம் விடையின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. அதன் மேல் தனபாலின் கையெழுத்தில் 'விதி தவறு'.

"நீங்க குடுத்த விடைக்குறிப்புல 'கூற்று சரி'ன்னுதானே இருக்குது" என்றார் தனபால்.

"405க்குக் குடுத்ததுங்க அது. அடிச்சது 450."

"கூட்டிப் பாத்தேனே. ரெண்டுக்கும் அம்பத்துநாலுதானே வருது? அம்பத்துநாலுல இருபத்தேழு ரெண்டு தரம் போகுது. அப்புறமென்ன? அப்படி எழுதின அத்தனை பேருக்கும் அஞ்சு போட்டிருக்கேன்."

"இருபத்தேழுக்கு அந்த விதி இல்லீங்க."

"மூணுக்கு இருக்குது. ஒம்பதுக்கு இருக்குது. இருபத்தேழுக்கு மட்டும் இல்லையா? ஆனைமலைல வேற கணக்குங்களா?"

மாசாணம் என் குறிப்பேட்டை வாங்கி அதில் 1899 என்று எழுதித் தனபால் பக்கம் திருப்பினார். "இதைக் கூட்டுங்க."

"இருபத்தேழு."

"இருபத்தேழு எழுபது 1890. மீதி ஒம்பது நிக்குதுங்களே."

 தனபால் எம்.எஸ்சி. படித்தவர். பதினெட்டு வருடமாகப் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவர். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அவர் காது மடல் சிவந்ததில் தெரிந்தது. குறிப்பேட்டை மெதுவாக என் பக்கம் தள்ளினார்.

"கணக்கு எனக்குத் தெரியாதுங்க" என்றார் பாலுசாமி. "எனக்கு ஒண்ணு சொல்லுங்க. இதைத் திருத்தினா என்னாகும்?"

மாசாணம் சொன்னார். சரியாக எழுதிய குல்சுமுக்கு ஐந்து சேர்ந்தால் 96. ஐம்பத்து நான்கு என்று எழுதியிருந்த லோகப்பிரியாவுக்கு ஐந்து குறைந்தால் 89. பிழை நம்முடையது என்று வினாவையே நீக்கிவிட்டால் குல்சுமுக்கு 91 அப்படியே இருக்கும், லோகப்பிரியாவுக்கு 89. எழுதிய எல்லோருக்கும் ஐந்தைக் கொடுத்துவிட்டாலும் 96, 94.

"எப்படிப் போட்டாலும் அந்தப் பொண்ணு மேல வருது."

"ஆமாங்க. எப்படிப் போட்டாலும்."

"இப்ப இருக்கறபடி உட்டா மட்டும் வரல."

"ஆமாங்க."

பாலுசாமி மேசையிலிருந்து ஓர் அழைப்பிதழை எடுத்து முன்னால் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை பரிசளிப்பு. லோகப்பிரியாவின் அப்பா தலைமை. புது ஆய்வகக் கட்டிடத்துக்கு அவர்தான் அடிக்கல் நாட்டுகிறார், அவர் பணம். "ஆயிரம் நோட்டீஸ் ஊரெல்லாம் போயாச்சுங்க. மேடைல வந்து உக்காந்திருக்கறவருகிட்ட, உங்க புள்ளைக்குத் தப்பாக் குடுத்துட்டோம், வாங்கிக்கிறோம்னு நான் எப்படிச் சொல்றது?"

"அவங்களுக்கு இலவச சீட்டு எதுக்குங்க? அந்தப் புள்ளைக்கு இதை உட்டா வேற வழியில்லீங்க."

"அதைச் சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டனா?" குரல் உயரவில்லை. "இதை யாரு டைப் பண்ணினது?"

நான் பேனாவை வைத்தேன். வாயைத் திறப்பதற்குள் மாசாணம், "சரி பாத்தது நான்" என்றார்.

"அதைக் கேக்கலீங்க. டைப் பண்ணினது அம்மணிதானே?" பாலுசாமி என்னைப் பார்த்தார். அன்பாகத்தான் பார்த்தார். "ஒரு நம்பரு தப்பா அடிச்சதுக்காகப் பள்ளிக்கூடப் பேரு கெடறதுன்னா, அதுக்குக் காரணமானவங்க ரெண்டு பேரும் இங்க எப்படிங்க இருக்க முடியும்? ஜூன்ல உங்களைப் பர்மனெண்ட் பண்றதுன்னு நான் மனசுல வச்சிருக்கேன். நீங்களே யோசிச்சுக்குங்க."

தனபால் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். "ஒரு லெட்டர் எழுதிப்போட்டாப் போதும். வினாத்தாள் தயாரிச்சவரே சரின்னு சொல்லிட்டா எவன் கேக்கப் போறான்?"

அந்தக் கடிதத்தைத் தனபால் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். 'பதினான்காம் வினாவும் அதற்கான விடைக்குறிப்பும் சரியானவை. மதிப்பீட்டில் பிழை ஏதும் இல்லை என வினாத்தாள் தயாரித்தவன் என்ற முறையில் உறுதி கூறுகிறேன்.' மூன்று வரி. ஒரு தட்டுப்பிழை இல்லாமல் அடித்தேன். மாசாணம் அதை மேசையில் வைத்துக் குனிந்து நின்றார். எனக்கு அப்போது ஐந்து மாதம். முதல் குழந்தை கலைந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவர் என் வயிற்றைப் பார்க்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டார். அறையை விட்டு வரும்போது தனபால் அவர் தோளில் கை வைத்தார். இரண்டு வருடத்தில் முதல்முறையாகத் தொட்டார்.

புதன்கிழமைக்குள் சொல்லியனுப்புகிறேன் என்றவர் சொல்லியனுப்பவில்லை. பரிசளிப்புக்குக் குல்சும் வந்தாள். பேர் கூப்பிட்டதும் மேடையேறிக் கடிகாரத்தை வாங்கிக்கொண்டாள். கீழே இறங்கி வந்தவள் கூட்டத்தில் மாசாணத்தைத் தேடிப் பார்த்தாள். அவர் பந்தலுக்குப் பின்னால், சோடா பாட்டில் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை மதுக்கரைக்குப் போகலாம் என்றார். கையில் ஒரு கவர். ப்ளஸ் ஒன்னுக்கு அரசுப் பள்ளியில் சேர்க்கவாவது உதவும் என்று ஒரு மாதச் சம்பளத்தை எடுத்து வைத்திருந்தார். சிமெண்ட் தூசி படிந்த ஓட்டு வீடுகளின் வரிசையில் கேட்டுக் கேட்டு அந்த வீட்டைக் கண்டுபிடித்தோம். என் வயிற்றைப் பார்த்ததும் மெஹராஜ் பதறிப்போய் உள்ளே கூட்டிப்போய் விசிறி கொடுத்தாள். குல்சும் இல்லை. மாமனோடு திருப்பூருக்குப் போயிருந்தாள், கம்பெனி பார்க்க. சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

மாசாணம் கவரை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"இது எதுக்குங்க சார். காசு இன்னிக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. எனக்கு ஒண்ணு மட்டும் செஞ்சு குடுங்க."

"சொல்லுங்க."

"புள்ள போட்ட கணக்கு சரின்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. உங்க கையெழுத்தோட. அன்னிக்கு நீங்க சொன்னதை அப்படியே வந்து எங்கண்ணன்கிட்டச் சொன்னேன். அவரு வெளிய விசாரிச்சுப்போட்டு வந்து, 'பள்ளிக்கூடத்துல லெட்டரே குடுத்திருக்காங்களாம், ஒரு தப்பும் இல்லைன்னு. உம் மக பொய் சொல்றா'ங்கறாரு. படிக்கறதுக்காகப் பொய் சொல்ற புள்ளைன்னு ஆயிப்போச்சுங்க. கம்பெனிக்கு அனுப்பறதுக்கும் அதையேதான் சொல்றாரு. நீங்க எழுதிக் குடுத்தா அதைக் காட்டிப் பேசிருவேன். அவரு மோசமானவரில்லீங்க. காகிதத்துல இருந்தாக் கேட்டுக்குவாரு."

அவள் பழைய நோட்டு ஒன்றிலிருந்து நடுத்தாளைப் பிரித்து எடுத்து, பேனாவோடு முன்னால் வைத்தாள். தாளின் மறுபக்கத்தில் அந்தப் பெண்ணின் கையெழுத்தில் பெருக்கல்கள் இருந்தன.

அவர் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். எழுதினால் அது என்றைக்காவது துடியலூர் வந்து சேரும். ஜூன் மாதத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. நான் விசிறிக்கொண்டிருந்தேன். எழுதுங்கள் என்று நான் சொல்லியிருந்தால் எழுதியிருப்பார். வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் அது என்னுடையதாக ஆகியிருக்கும். நான் இரண்டையும் சொல்லவில்லை.

"அடுத்த வாரம் லெட்டர்பேடுல எழுதி எடுத்துட்டு வாரேங்க" என்றார்.

 மெஹராஜ் அந்தத் தாளை எடுத்து நான்காக மடித்துக்கொண்டாள். "சரிங்க சார். டீ குடிச்சுட்டுப் போங்க" என்றாள். குடித்தோம்.

ஜூனில் நிரந்தர ஆணை வந்தது. அதே மாதம் மகள் பிறந்தாள். பஸ்ஸில் சீட்டு வாங்கினால் பார்க்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளப் பழகினார். வகுப்பில் எந்தப் பிள்ளை இலக்கங்களைக் கூட்டி விடை சொன்னாலும், "வகுத்துக் காட்டு" என்பார். பன்னிரண்டு இலக்கமானாலும் வகுத்துத்தான் ஆக வேண்டும். பிள்ளைகளுக்கு அது பிடிக்கவில்லை. முன்னே நல்லாச் சொல்லிக் கொடுப்பார், இப்போது அறுக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். அவருடைய வகுப்புக்குப் பிள்ளைகள் கேட்டு வருவது நின்றது.

ஒரு முறை மட்டும் குல்சுமைப் பற்றிக் கேள்விப்பட்டோம். திருப்பூரில் செக்கிங் மேசையில் நிற்கிறாள் என்றார்கள். துணியில் ஓட்டை, தையல் விட்டது இதையெல்லாம் பார்த்துத் தள்ளுகிற வேலை. அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாதாம், சூப்பர்வைசர் மெச்சுகிறாராம். இதை எங்களிடம் சொன்னவர் நல்ல செய்தியாகத்தான் சொன்னார்.

1998 செப்டம்பரில் மாசாணத்துக்கு மஞ்சள் காமாலை. கீழாநெல்லி கொடுத்துப் பத்து நாளை விட்டுவிட்டோம். ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஈரல் போய்விட்டது என்றார்கள். முப்பத்தைந்து வயது. பள்ளியில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். தனபால் பேசினார். இருபது வருடத்தில் இப்படி ஒரு கணக்கு வாத்தியாரைப் பார்த்ததில்லை, அவர் கையெழுத்துப் போட்டால் அதில் பிழை இருக்காது என்றார். பேசும்போது அவர் குரல் உடைந்தது. அது நடிப்பில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் இன்னும் அதே பள்ளியில்தான் வேலை செய்கிறேன். அதே மேசை, அதே தட்டச்சுப் பொறி. அவர் போய் எட்டு மாதம் ஆகிறது. இனி அவரை வேலையிலிருந்து நீக்க யாராலும் முடியாது. கையெழுத்துப் பிரதி இன்னும் கோப்பில் இருக்கிறது, 405 என்று. அதையும் வினாத்தாளையும் சேர்த்து வைத்து, 'உம்மல் குல்சும் எழுதிய விடை சரியானது, எண்ணை மாற்றி அடித்தது நான்' என்று ஒரு வரி அடித்து மதுக்கரைக்கு அனுப்ப ஐந்து நிமிடம் போதும். இரண்டு முறை தாளைச் சொருகினேன். மகளுக்கு அடுத்த ஜூனில் இங்கேயே எல்.கே.ஜி. சேர்க்கை. ஊழியர் பிள்ளைக்குப் பாதிக் கட்டணம். தாளை உருவி எடுத்துவிட்டு, பாலுசாமி கேட்டிருந்த சுற்றறிக்கையை அடித்தேன்.